வயர்லெஸ் ஸ்பீக்கரின் லைன்-இன் சாக்கெட்: கேபிள் எப்போது புளூடூத்தை வெல்லும்?

என் ஸ்பீக்கரின் பின்பக்கம் ரப்பர் மூடிக்குள் ‘AUX’ என்று ஒரு துளை இருக்கிறது. புளூடூத் நன்றாக வேலை செய்யும்போது அது எதற்கு?

போன், மடிக்கணினி, தொலைக்காட்சி போன்ற கருவிகளின் ஹெட்போன் சாக்கெட்டிலிருந்து 3.5 மில்லிமீட்டர் கேபிள் வழியாக ஒலியை நேரடியாக உள்ளே கொடுப்பதற்கு. சில ஸ்பீக்கர்களில் அதன் அருகே ‘LINE IN’ அல்லது ‘AUDIO IN’ என்று எழுதியிருக்கும், வேலை ஒன்றுதான். பல ஸ்பீக்கர்கள் பிளக் செருகியதுமே தாமாகக் கேபிளுக்கு மாறிவிடும். மற்றவற்றில் ஒரு பட்டனை அழுத்தி உள்ளீட்டை மாற்ற வேண்டும். கேபிளைச் செருகியும் சத்தம் வராவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். போனின் புளூடூத்தையும் அணைத்துவிடுங்கள். அது இணைப்பில் இருந்தால் கேபிளைச் செருகிய பிறகும் ஒலியை அந்த வழியிலேயே அனுப்பிக்கொண்டிருக்கக்கூடும்.

கேபிளுக்கு மாற நான் மூன்று காரணங்களை இந்த வரிசையில் சொல்வேன்: ஒலி தாமதமாக வருவது, அழைப்பின்போது தரம் சரிவது, இணைப்பு விட்டுவிட்டு வருவது. ‘பாட்டு இன்னும் துல்லியமாகக் கேட்கும்’ என்பது உண்மைதான், ஆனால் அது நான்காவது இடத்தில்தான் வருகிறது. பெரும்பாலானவர்கள் அதை முதலில் எதிர்பார்த்துக் கேபிள் வாங்கி, வித்தியாசம் தெரியவில்லையே என்று ஏமாறுகிறார்கள்.

அப்படியானால் பாட்டு கேட்கும்போது கேபிளுக்கும் புளூடூத்துக்கும் வித்தியாசமே இல்லையா?

இருக்கிறது, ஆனால் எல்லா நேரத்திலும் காதுக்கு எட்டுவதில்லை. குறுந்தகட்டுத் தரத்தில் உள்ள பாட்டுக்கு நொடிக்கு 1,411 கிலோபிட் தேவை. புளூடூத்தில் எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எஸ்.பி.சி. என்ற சுருக்கும் முறை, வழக்கமான உயர்தர அமைப்பில் ஏறத்தாழ 328 கிலோபிட்டில் அதை அனுப்புகிறது. ஐபோன்கள் ஏ.ஏ.சி. முறையைப் பயன்படுத்துகின்றன. சில ஆண்ட்ராய்டு போன்களிலும் ஸ்பீக்கர்களிலும் உள்ள எல்.டி.ஏ.சி. 990 கிலோபிட் வரை போகும். இணையத்திலிருந்து வரும் பாட்டு ஏற்கெனவே ஒருமுறை சுருக்கப்பட்டது. போன் அதை விரித்து, புளூடூத்துக்காக இன்னொரு முறை சுருக்குகிறது. கேபிளில் இந்த இரண்டாவது சுருக்கம் கிடையாது.

இழப்பு தெரியும் இடங்களும் குறிப்பானவை. சிம்பலின் ‘ஸ்ஸ்’ ஒலி, அரங்கத்தில் எழும் கைதட்டல், ஜால்ரா, பல குரல்கள் ஒன்றாக உயரும் இடம் ஆகியவற்றில் நுனிகள் மழுங்கியதுபோல் இருக்கும். ஒற்றைக் குரலும் வீணையும் மட்டும் உள்ள பதிவில் பெரும்பாலும் எதுவும் தெரியாது. போன் தூரத்திலோ சட்டைப் பைக்குள் உடம்பின் மறுபக்கத்திலோ இருந்தால் நிலைமை மாறும். இணைப்பு பலவீனமாகும்போது பல கருவிகள் அறுந்துபோகாமல் இருக்க அனுப்பும் பிட்டுகளைக் குறைத்துக்கொள்கின்றன. அப்போது எழும் கரகரப்பு யாருக்கும் கேட்கும்.

இன்னொரு எல்லை ஸ்பீக்கரே. கைக்குள் அடங்கும் சிறிய ஸ்பீக்கரின் கூம்பு ஆழ்ந்த பாஸை எழுப்ப முடியாது, ஒலியளவைக் கூட்டினால் அதன் சொந்தச் சிதைவும் கூடும். அந்தச் சிதைவு எஸ்.பி.சி. செய்யும் சேதத்தை எளிதில் மறைத்துவிடும். பெரிய கூம்புகளும் தனி ட்வீட்டரும் உள்ள மேசை ஸ்பீக்கரில் அமைதியான அறையில் கேட்டால்தான் கேபிளின் கூடுதல் தெளிவு வெளியே வரும்.

கேபிள் போட்டால் ஒலி கடைசிவரை அனலாக்காகவே போகும் என்று சொல்கிறார்களே?

இன்றைய வயர்லெஸ் ஸ்பீக்கர்களில் பெரும்பாலும் அப்படி இல்லை. உள்ளே நுழைந்த அனலாக் மின்சமிக்ஞை உடனே டிஜிட்டலாக மாற்றப்படுகிறது. ஸ்பீக்கரின் பாஸ் திருத்தம், இரு பக்க ஒலியையும் ஒன்றாக்குவது, கூம்பைப் பாதுகாக்கும் கட்டுப்பாடு எல்லாம் டிஜிட்டலில்தான் நடக்கின்றன. அதன்பின் ஆம்ப்ளிஃபயருக்குப் போகிறது. ஆகவே கேபிள் வழி ஒலியின் தரத்தை ஸ்பீக்கரின் உள்ளீட்டுச் சில்லும் போனின் ஹெட்போன் வெளியீடும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. இரண்டில் ஒன்று மட்டமாக இருந்தால், நல்ல புளூடூத் இணைப்பு கேபிளைவிட நன்றாகக் கேட்பது முற்றிலும் சாத்தியம்.

பாட்டு அருமையாக ஒலிக்கிறது. மடிக்கணினியில் வீடியோ அழைப்பைத் தொடங்கியதும் அதே ஸ்பீக்கர் பழைய தொலைபேசிபோல் ஆகிவிடுகிறது. ஸ்பீக்கர் கெட்டுவிட்டதா?

கெடவில்லை. உங்கள் ஸ்பீக்கரில் ஒரு மைக் இருக்கிறது, அழைப்புச் செயலி அதைப் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான்.

வழக்கமான புளூடூத்தில் பாட்டுக்கு ஒரு முறை, பேச்சுக்கு ஒரு முறை என்று இரண்டு இருக்கின்றன. பாட்டு முறையில் ஸ்டீரியோ ஒலி ஒரு திசையில் மட்டும் போகும். பேச்சு முறையில் ஒலி இரு திசையிலும் போக வேண்டும், அதற்காகத் தரம் விட்டுக்கொடுக்கப்படுகிறது. ஒற்றைத் தடம், ஒலியை நொடிக்கு 8,000 அல்லது 16,000 முறை அளந்தெடுத்த மாதிரிகள் மட்டுமே. மாதிரிகளின் எண்ணிக்கையில் பாதிக்கு மேற்பட்ட அதிர்வெண் எதுவும் மிஞ்சாது. அதாவது 4,000 அல்லது 8,000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள எல்லாம் வெட்டப்பட்டுவிடும். மைக்கைப் பயன்படுத்தும் வரை, அழைப்பில் யாராவது பாட்டோ காணொளியோ ஓட்டினாலும் அந்தத் தொலைபேசித் தரத்தில்தான் கேட்கும். இணையவழி இசை வகுப்பில் இது பெரும் சேதம். சுருதிப்பெட்டியின் ஒலிக்குத் தெளிவு தரும் உயர் அதிர்வெண்களே மாணவருக்குக் கேட்காமல் போகும்.

கேபிள் வித்தியாசத்தை மிகத் தெளிவாகக் காட்டும் இடம் இதுதான். லைன்-இன் வழியாக ஸ்பீக்கர் ஒலியை மட்டும் வாங்கும். மைக் வேலையை மடிக்கணினியின் சொந்த மைக் பார்த்துக்கொள்ளும். ஸ்பீக்கரை மடிக்கணினிக்கு நேர் எதிரே வைக்காமல் சற்றுத் தள்ளி, மைக்கை நோக்காதபடி வையுங்கள். இல்லாவிட்டால் எதிர்முனையில் இருப்பவருக்கு அவர் குரலே எதிரொலியாகத் திரும்பும்.

கேபிள் இல்லாவிட்டாலும் ஒரு வழி உண்டு. அழைப்புச் செயலியின் ஒலி அமைப்பில் மைக்காக ஸ்பீக்கரின் பெயர் இருந்தால், அதை மடிக்கணினியின் உள்மைக்காக மாற்றுங்கள். பெரும்பாலும் ஸ்பீக்கர் உடனே பாட்டு முறைக்குத் திரும்பிவிடும். விண்டோஸ் 10-இல் ஒரே ஸ்பீக்கர் இரண்டு பெயர்களில் தெரியும். ‘Hands-Free’ என்று முடிவதைத் தவிர்த்து ‘Stereo’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கீபோர்டு செயலியில் கட்டையை அழுத்தினால் ஒலி பின்னாலேயே வருகிறது. சினிமா பார்க்கும்போது மட்டும் உதடும் ஒலியும் ஒத்துப்போகின்றன. ஏன்?

சுருக்குவது, பொட்டலமாக்குவது, மறுமுனையில் சேர்த்துவைத்து விரிப்பது எல்லாம் நேரம் எடுக்கும் வேலைகள். எஸ்.பி.சி. இணைப்பில் 150 முதல் 250 மில்லி விநாடி தாமதம் சாதாரணம். ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. 200 மில்லி விநாடித் தாமதம் என்பது ஸ்பீக்கரைக் கிட்டத்தட்ட 69 மீட்டர் தூரத்தில் வைத்துக்கொண்டு வாசிப்பதற்குச் சமம். அப்படித் தாளம் பிடிக்க யாராலும் முடியாது.

சினிமாவில் தப்பிப்பது எப்படி என்றால், காணொளிச் செயலிக்கு இந்தத் தாமதம் முன்பே தெரியும். படத்தையும் அதே அளவு தாமதப்படுத்திவிடுகிறது. நீங்கள் அடுத்த கட்டையை எப்போது அழுத்துவீர்கள் என்பது யாருக்கும் முன்கூட்டித் தெரியாதே. விளையாட்டுகளிலும் இதே சிக்கல்தான். இசைக்கருவிச் செயலி, விளையாட்டு, நடனப் பயிற்சிக்கான மெட்ரோனோம் ஆகியவற்றுக்குக் கேபிளைத் தவிர வேறு எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒரு எச்சரிக்கை. வீட்டின் பல அறைகளில் ஒரே நேரத்தில் ஒலிக்கும் வகை வயர்லெஸ் ஸ்பீக்கர்கள், லைன்-இன்னில் வரும் ஒலியையும் மற்ற ஸ்பீக்கர்களோடு ஒத்திசைப்பதற்காக வேண்டுமென்றே தாமதப்படுத்துவதுண்டு. கேபிள் போட்டும் தாமதம் போகவில்லை என்றால் காரணம் இதுவாக இருக்கலாம். அதன் செயலியில் லைன்-இன் தாமதத்துக்கு ஓர் அமைப்பு இருந்தால் மிகக் குறைந்த அளவுக்கு மாற்றிப் பாருங்கள்.

ஆசையாகக் கேபிள் வாங்கிப் போட்டேன். சத்தம் குறைவாக இருக்கிறது, பின்னணியில் ‘உஸ்ஸ்’ என்ற இரைச்சல் வேறு. புளூடூத்தே தேவலையா?

கேபிளைக் குறை சொல்லுமுன் இரண்டு ஒலியளவுகளையும் பாருங்கள். புளூடூத்தில் பல போன்கள் ஸ்பீக்கரின் ஒலியளவையும் தம்மோடு சேர்த்தே நகர்த்தும். கேபிளில் போனில் ஒன்று, ஸ்பீக்கரில் ஒன்று என இரண்டு தனித்தனிக் கட்டுப்பாடுகள். போனைக் குறைத்து ஸ்பீக்கரைக் கூட்டி வைத்திருப்பதே நான் அதிகம் காணும் பிழை.

என்ன நடக்கிறது என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். உங்கள் போன் முழு ஒலியளவில் 1 வோல்ட் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்பீக்கரின் உள்ளீட்டில் எப்போதும் மாறாமல் இருக்கும் இரைச்சல் 0.1 மில்லிவோல்ட் என்று வைத்துக்கொள்வோம். பாட்டு இரைச்சலைவிட 10,000 மடங்கு பெரிது, அதாவது 80 டெசிபல் இடைவெளி. இப்போது போனின் ஒலியளவை 20 டெசிபல் குறைக்கிறீர்கள். பாட்டு பத்தில் ஒரு பங்காக, 0.1 வோல்ட் ஆகிறது. இரைச்சல் அப்படியே இருக்கிறது. இடைவெளி 1,000 மடங்கு, அதாவது 60 டெசிபலாகச் சுருங்கிவிட்டது. குறைந்த சத்தத்தை ஈடுகட்ட ஸ்பீக்கரைக் கூட்டுகிறீர்கள். பாட்டும் இரைச்சலும் சேர்ந்தே பத்து மடங்கு பெருகுகின்றன. நீங்கள் கேட்கும் ‘உஸ்ஸ்’ அதுதான்.

சரிசெய்யும் முறை இது. ஸ்பீக்கரின் ஒலியளவை மிகவும் குறைத்துவையுங்கள். தவிலோ டிரம்ஸோ ஓங்கி ஒலிக்கும் ஒரு பாட்டை ஓடவிட்டு, போனின் ஒலியளவை ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். ஓங்கிய அடிகள் கரகரத்தால் நிறுத்துங்கள். ஸ்பீக்கர் குறைவான சத்தத்தில் இருக்கும்போதே கரகரக்கிறது என்றால், கூம்பு திணறவில்லை, உள்ளீடுதான் நிரம்பி வழிகிறது. அங்கிருந்து இரண்டு படி இறக்கி, போனை அந்த அளவிலேயே விட்டுவிடுங்கள். கரகரப்பே வராவிட்டால் கடைசிப் படிக்கு ஒன்றிரண்டு படி கீழே வைக்கலாம். இனி சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் ஸ்பீக்கரின் பட்டனில் மட்டும். அடுத்து ஹெட்போனைச் செருகும் முன் போனின் ஒலியளவை மறக்காமல் இறக்கிவிடுங்கள். காதில் அந்த அளவு ஆபத்தானது.

இதற்கு இன்னொரு பலனும் உண்டு. சில ஸ்பீக்கர்கள் லைன்-இன்னில் மிகவும் மெல்லிய ஒலி வந்தால் ‘எதுவும் ஒலிக்கவில்லை’ என்று முடிவுகட்டிச் சற்று நேரத்தில் தாமாக அணைந்துவிடும். போனின் ஒலியளவு போதிய அளவு இருந்தால் அந்தத் தொல்லையும் நின்றுவிடும்.

கேபிளில் இசை கேட்கிறது, ஆனால் பாடகரின் குரல் மட்டும் காணவில்லை. கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது. பாட்டில் கோளாறா?

பாட்டில் கோளாறு இல்லை, மின்னோட்டம் திரும்பிச் செல்லும் பாதையான கிரவுண்டு இணைப்பு விட்டுப்போயிருக்கிறது. பிளக்கை ஒளியில் பிடித்துப் பாருங்கள். உலோகத் தண்டைக் குறுக்கே கறுப்பு வளையங்கள் பிரித்திருக்கும். இரண்டு வளையங்கள் இருந்தால் மூன்று பகுதிகள்: நுனி இடப்பக்க ஒலிக்கு, நடுப்பகுதி வலப்பக்க ஒலிக்கு, அடிப்பகுதி இரண்டுக்கும் பொதுவான கிரவுண்டுக்கு. அந்த அடிப்பகுதி தொடாமல்போனால், மின்னோட்டம் ஒரு பக்கத்துக் கம்பி வழியாகப் போய் மறுபக்கத்துக் கம்பி வழியாகத் திரும்பும். அப்போது உங்களுக்குக் கேட்பது இரு பக்கங்களுக்கும் இடையிலான வித்தியாசம் மட்டுமே. பாடகரின் குரலைப் பெரும்பாலும் இரு பக்கத்திலும் சமமாகப் பதிவு செய்வார்கள்; சமமானது கழிந்து பூஜ்ஜியமாகிவிடுகிறது. பக்கவாத்தியங்களும் எதிரொலியும் எஞ்சுகின்றன. இரு பக்கத்தையும் கூட்டி ஒற்றை ஒலியாக்கும் சிறிய ஸ்பீக்கரில் அதுவும் எஞ்சாமல் ஏறக்குறைய மௌனமாகிவிடலாம்.

காரணம் பெரும்பாலும் எளியது. போனின் தடித்த உறையோ ஸ்பீக்கரின் ரப்பர் மூடியோ இடிப்பதால் பிளக் முழுதாக இறங்கியிருக்காது. உறையைக் கழற்றி, ‘க்ளிக்’ என்று உணரும்வரை அழுத்துங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் வளையங்களை எண்ணுங்கள். மூன்று வளையம் உள்ள கேபிள் மைக் வைத்த ஹெட்செட்டுகளுக்கானது. அதில் கிரவுண்டு இருக்கும் பகுதி வேறு. சில ஸ்பீக்கர்களின் சாக்கெட் அந்தப் பகுதியைத் தொடாது. இரண்டு வளையக் கேபிளுக்கு மாறினால் குரல் திரும்பிவிடும்.

மடிக்கணினியோடு கேபிளில் இணைத்த ஸ்பீக்கரைச் சார்ஜில் போட்டதும் ‘ம்ம்ம்’ என்று ரீங்காரம். மவுஸை நகர்த்தினால்கூட ‘கிர்ர்’ என்கிறது.

ஸ்பீக்கரின் சார்ஜிங் கம்பியைப் பிடுங்கிப் பாருங்கள். சத்தம் அந்தக் கணமே நின்றால் நோய் தெரிந்துவிட்டது. மடிக்கணினிக்கும் ஸ்பீக்கருக்கும் இடையே கிரவுண்டு இப்போது இரண்டு வழிகளில் இணைந்திருக்கிறது: ஒன்று ஆடியோ கேபிள், மற்றொன்று மின்சாரக் கம்பி. இந்த வளையத்தில் ஓடும் சிறு மின்னோட்டம் ஒலியோடு கலந்துவிடுகிறது. மடிக்கணினியின் யுஎஸ்பி துளையிலிருந்தே ஸ்பீக்கரைச் சார்ஜ் செய்தால் இது இன்னும் மோசமாகும், ஏனென்றால் பிராசஸரின் வேலைகள், மவுஸ் அசைவு, வட்டின் இயக்கம் எல்லாம் கிரவுண்டு வழியாக உள்ளே வந்துவிடும்.

கேட்கும்போது ஸ்பீக்கரைப் பேட்டரியில் ஓட்டுவதே முழுத் தீர்வு. எப்போதும் மின்சாரத்தில் இருக்க வேண்டும் என்றால் தனிச் சார்ஜரில் போடுங்கள். அதிலும் நிற்கவில்லை என்றால் கேபிளின் நடுவே பொருத்தும் ‘கிரவுண்டு லூப் ஐசோலேட்டர்’ என்ற சிறு டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி உதவும். மலிவானவை பாஸைச் சற்று மெலியச் செய்துவிடும். ஆகவே அது கடைசி மருந்து. புளூடூத்தில் மின்கம்பித் தொடர்பே இல்லாததால் இந்த வளையம் உருவாகாது. பேட்டரியில் ஓட்ட முடியாத இடத்தில் புளூடூத்துக்குத் திரும்புவதே சரி.

என் போனில் ஹெட்போன் துளையே இல்லை. டைப்-சி மாற்றி போதுமா?

போதும், ஆனால் மாற்றிகளில் இரண்டு வகை இருக்கின்றன. ஒன்றில் டிஜிட்டல் ஒலியை அனலாக்காக மாற்றும் சில்லு உள்ளேயே இருக்கிறது. மற்றொன்று வெறும் கம்பி. போனே அனலாக் ஒலியை டைப்-சி துளை வழியாக அனுப்பினால்தான் அது வேலை செய்யும். பல போன்கள் அனுப்புவதில்லை. மாற்றியின் பெட்டி மீது அந்தச் சில்லைக் குறிக்கும் ‘DAC’ என்ற சொல் இருப்பதை வாங்குங்கள். ஸ்பீக்கரில் உள்ள டைப்-சி துளையில் நேராகப் போனை இணைத்தால் பாட்டு வரும் என்று எண்ண வேண்டாம். பெரும்பாலானவற்றில் அது சார்ஜுக்கு மட்டும்தான். ஆடியோவும் வாங்கினால் கையேட்டில் எழுதியிருப்பார்கள்.

ரெக்கார்டு பிளேயர், கிட்டார், மைக் இவற்றை லைன்-இன்னில் செருகலாமா?

நேரடியாகக் கூடாது. ரெக்கார்டு பிளேயரின் ஊசி முனையிலிருந்து சில மில்லிவோல்ட் மட்டுமே வரும், பாஸும் குறைத்துப் பதியப்பட்டிருக்கும். அதைச் சரிசெய்து பெருக்கும் ஃபோனோ ப்ரீ-ஆம்ப் நடுவில் வேண்டும். சில பிளேயர்களில் அது உள்ளேயே உண்டு, பின்பக்கம் ‘LINE’ என்ற சுவிட்ச் இருக்கும். கிட்டாருக்கும் மைக்குக்கும் அவற்றுக்குரிய ப்ரீ-ஆம்ப் தேவை.

விலை கூடிய கேபிள் வாங்கினால் தரம் கூடுமா?

ஒன்றிரண்டு மீட்டர் தூரத்துக்குக் கூடாது. பிளக் தளராமல் உட்கார வேண்டும், கம்பியைச் சுற்றி வலைக்கவசம் இருக்க வேண்டும், பிளக்கின் கழுத்து ஒல்லியாக இருந்து மூடிக்குள் இறங்க வேண்டும். இவ்வளவுதான் பார்க்க வேண்டியது.

என் ஸ்பீக்கரில் எது நன்றாக இருக்கிறது என்று நானே எப்படிக் கண்டுபிடிப்பது?

சத்தத்தைச் சமமாக்குவதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரே பாட்டு சற்று உரக்க ஒலித்தால் அதுவே தெளிவாகவும் நிறைவாகவும் இருப்பதாகக் காது சொல்லும். 1 டெசிபல் வித்தியாசமே முடிவை மாற்றப் போதுமானது. இன்னொரு போனில் ஒலி அளவிடும் செயலி ஒன்றைத் திறந்து, ஸ்பீக்கர் முன் அசையாமல் வையுங்கள். சீராக ஒலிக்கும் தம்பூரா ஒலியையோ இரைச்சல் ஒலியையோ இரு வழியிலும் ஓட்டி, இரண்டிலும் ஒரே அளவு காட்டும்வரை ஒலியளவைத் திருத்துங்கள். கேபிளுக்குத் தேவையான திருத்தத்தை ஸ்பீக்கர் பட்டனில் செய்யுங்கள்.

ஆண்ட்ராய்டு போனாக இருந்தால் டெவலப்பர் அமைப்புகளில் ‘Bluetooth Audio Codec’ என்ற இடத்தில் எந்த முறை ஓடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கைதட்டலோடு தொடங்கும் ஒரு கச்சேரிப் பதிவை எடுத்து, நீங்கள் திரும்பி உட்கார்ந்துகொள்ள, இன்னொருவர் சொல்லாமல் மாற்றி மாற்றி ஓட்டட்டும். எது கேபிள் என்று ஒவ்வொரு முறையும் எழுதுங்கள். பத்து முறையில் ஐந்தாறு மட்டும் சரியென்றால் அது ஊகம். அந்த ஸ்பீக்கரில் பாட்டுக்குப் புளூடூத்தே போதும். ஒன்பது பத்து முறை சரியாகச் சொன்னால் கேபிளைச் செருகியே வையுங்கள்.